ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் பிரிட்ஜா, விலை குறைந்த இரண்டு ஸ்டாரா: கரண்ட் பில்லை வைத்துப் போட்ட கணக்கு

மதுரையில் இருக்கும் என் தங்கை வீட்டு பிரிட்ஜின் அடிப்பாகம் துருப்பிடித்து, கதவும் சரியாக மூடாமல் போனதால், சென்ற ஆண்டு இறுதியில் புதியது வாங்க வேண்டி வந்தது. கடையில் இரண்டு பெட்டிகள் அவளுக்குப் பிடித்திருந்தன. இரண்டும் ஒற்றைக் கதவு கொண்டவை; கொள்ளளவும் ஏறக்குறைய 185 லிட்டர்தான். ஒன்று சாதாரண கம்ப்ரசர் உள்ள இரண்டு ஸ்டார் பெட்டி, விலை 13,800 ரூபாய். மற்றொன்று ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் பெட்டி, விலை 18,300 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் 4,500 ரூபாய் கரண்ட் பில்லில் திரும்பி வருமா, வந்தால் எத்தனை ஆண்டில் வரும் என்பதுதான் அவளுடைய கேள்வி.

கடைக்காரர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சாதாரணப் பெட்டியின் பின்புறத் தகட்டில் 120 வாட் என்று இருக்கிறது. அது 24 மணி நேரமும் செருகியே இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் யூனிட் ஆகும். இன்வெர்ட்டர் அதில் பாதியை மிச்சப்படுத்தும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு நாலாயிரத்துக்கு மேல் மிச்சம். ஆக ஒரே ஆண்டில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் என்றார். அவர் ஏமாற்ற நினைத்ததாக நான் கருதவில்லை. பலரும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாளில் மூன்று இடங்களில் பிழை இருக்கிறது. வாட் அளவு, ஓடும் நேரம், யூனிட் விலை ஆகிய மூன்றுமே நடப்புக்குப் பொருந்தாதவை.

முதலில் யூனிட்டைப் பார்ப்போம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் ஒட்டச் சொல்லும் லேபிளில், நட்சத்திரங்களோடு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். ஒப்பீட்டுக்கு அந்த எண்தான் வேண்டும். நட்சத்திரத்தின் எண்ணிக்கை அன்று. நட்சத்திரம் என்பது கொள்ளளவையும் வகையையும் பொறுத்துக் கொடுக்கப்படும் தரம் என்பதால், பெரிய ஐந்து ஸ்டார் பெட்டி ஒன்று சிறிய இரண்டு ஸ்டார் பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கக்கூடும். மேலும் இந்தத் தர அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுகிறது; 2023 ஜனவரியில் அப்படி இறுக்கப்பட்டபோது, அதுவரை ஐந்து ஸ்டார் வாங்கிய பெட்டிகள் பல, எந்த மாற்றமும் இல்லாமலே தரத்தில் கீழே இறங்கின. லேபிளில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று போட்டிருப்பது அதற்காகத்தான். எங்கள் முன் நின்ற இரண்டு பெட்டிகளின் லேபிளில் சாதாரணப் பெட்டிக்கு ஆண்டுக்கு 175 யூனிட் என்றும், இன்வெர்ட்டர் பெட்டிக்கு 125 யூனிட் என்றும் இருந்தன. அதாவது, கடைக்காரர் மிச்சமாகும் என்று சொன்ன ஐந்நூறு யூனிட்டில் பாதியைக்கூட அந்தச் சாதாரணப் பெட்டி மொத்தமாகவே செலவழிப்பதில்லை.

லேபிள் எண் ஆய்வுக்கூடத்தில் கதவைத் திறக்காமல் எடுக்கப்படுவது. நம் வீட்டில் குழந்தைகள் தண்ணீர் பாட்டிலுக்காகப் பத்து முறை திறக்கிறார்கள். சித்திரை வெயிலில் அடுப்படியும் கொதிக்கிறது. ஆகவே இரண்டுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டேன். சாதாரணப் பெட்டிக்கு 210 யூனிட், இன்வெர்ட்டருக்கு 150 யூனிட், வித்தியாசம் ஆண்டுக்கு 60 யூனிட். இது ஊகமாகவே நின்றுவிடக் கூடாது என்பதற்காக, பிளக்கில் செருகி யூனிட்டை அளக்கும் சிறு மீட்டர் ஒன்றைத் தங்கை வீட்டுப் பழைய பெட்டியில் ஏழு நாள் மாட்டி வைத்தேன். அதுவும் அதே அளவுள்ள சாதாரண கம்ப்ரசர் பெட்டிதான். ஏழு நாளில் 4.1 யூனிட் காட்டியது. ஆண்டுக்கு வைத்துப் பார்த்தால் 214 யூனிட். என் 210 வெகுதூரம் விலகவில்லை. அப்படி அளப்பவர்கள் குறைந்தது மூன்று முழு நாட்களாவது அளக்க வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 24-ஆல் பெருக்கினால், அந்த ஒரு மணியில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததா, ஓய்ந்திருந்ததா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிவிடும்.

ஓடும் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பிரிட்ஜ் 24 மணி நேரமும் செருகியிருந்தாலும் அதன் கம்ப்ரசர் 24 மணி நேரமும் ஓடுவதில்லை. சாதாரண கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். உள்ளே குளிர் போதுமானதும் நின்றுவிடும், சூடு ஏறியதும் மறுபடி ஓடும். ஓடும்போது 90 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 210 யூனிட் என்பது நாளொன்றுக்குச் சராசரியாக ஆறரை மணி நேர ஓட்டம். கோடையில் பத்து மணிக்கும் போகும். மார்கழியில் நான்கைந்து மணியோடு நிற்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசரோ வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடக்கூடியது. அது பெரும்பாலான நேரம் 30 வாட்டைச் சுற்றியே மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்; ஆண்டுக்கு 150 யூனிட் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய பதினான்கு மணி நேரம். ஆக, மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் பெட்டிதான் இரண்டு மடங்கு நேரம் ஓடுகிறது. புதிதாக இன்வெர்ட்டர் பிரிட்ஜ் வாங்கியவர்கள், 'நிற்கவே மாட்டேன் என்கிறது, கரண்ட் எக்கச்சக்கமாக வரப்போகிறது' என்று கவலைப்படுவதற்கு இதுதான் காரணம். மணி நேரத்தை மட்டும் எண்ணி எந்த முடிவுக்கும் வர முடியாது. நேரமும் வாட்டும் பெருகிய யூனிட்தான் பில்லுக்கு வருவது.

மெதுவாக ஓடுவதில் ஏன் மிச்சம் என்பதற்கும் காரணம் உண்டு. பெட்டியின் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கும் சூடு வெளியேற்றும் குழாய்களின் அளவு மாறுவதில்லை. கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது அத்தனை சூட்டையும் அந்தக் குழாய்கள் ஒரே மூச்சில் வெளியேற்ற வேண்டியிருப்பதால் அவை நன்றாகக் கொதித்துவிடும். கொதிக்கும் குழாய்க்கு எதிராக அழுத்த வேண்டிய கம்ப்ரசருக்கு அதிக உழைப்பு தேவைப்படும். அதே சூட்டை மெதுவாக, நீண்ட நேரத்தில் வெளியேற்றும்போது குழாய் வெதுவெதுப்பாகவே இருக்கும், உழைப்பும் குறையும். இதனால்தான், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காற்றுப் போக வழியில்லாமல் செய்துவிட்டால், அல்லது சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைக்கும் பழக்கம் இருந்தால், இன்வெர்ட்டரும் வேகமெடுத்து ஓடி, அந்த 60 யூனிட் வித்தியாசத்தில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடும்.

இனி யூனிட்டின் விலை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த வீதங்களை வைத்துச் சொல்கிறேன். உங்கள் பில்லில் வேறு வீதம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.70, அடுத்த நூறுக்கு 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, அதற்கு மேல் 10.50, 11.55 என்று ஏறும்.

பிரிட்ஜ் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் பில்லின் உச்சியிலிருந்துதான் குறையும். அதனால் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலை இங்கே உதவாது. உங்கள் கடைசி யூனிட் எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படியின் விலைதான் மிச்சத்தின் விலை. இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டில் 60 யூனிட் மிச்சமானால் ஆண்டுக்குக் கிடைப்பது 141 ரூபாய். 4,500 ரூபாய் திரும்பி வர 32 ஆண்டு ஆகும், அதற்குள் பெட்டியே இருக்காது. 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில் ஆண்டுக்கு 282 ரூபாய், 16 ஆண்டு. ஏசி ஓடி எல்லா பில்லும் 600-க்கு மேலேயே இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 567 ரூபாய், எட்டு ஆண்டு. 100 யூனிட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் சிறு குடும்பத்துக்கு ஐந்து ஸ்டாரால் ஒரு காசும் மிச்சம் இல்லை. அவர்களுடைய மின்சாரம் ஏற்கெனவே இலவசம்.

தங்கை வீட்டுக் கதை இந்த நேர்கோட்டில் அடங்கவில்லை. அவள் வீட்டில் ஒரு ஏசி உண்டு, கோடையில் மட்டும் ஓடும். பழைய பெட்டி இருந்தபோது வந்த ஓராண்டு பில்களை எடுத்து அடுக்கினோம். பிப்ரவரியில் 280 யூனிட், ஏப்ரலில் 430, ஜூனில் 640, ஆகஸ்டில் 505, அக்டோபரில் 360, டிசம்பரில் 300. ஆண்டு மிச்சமான 60 யூனிட்டை வெயிலுக்குத் தக்கபடி இந்த ஆறு பில்களுக்கும் பிரித்தேன். பிப்ரவரிக்கு 8, ஏப்ரலுக்கு 10, ஜூனுக்கு 13, ஆகஸ்டுக்கு 11, கடைசி இரண்டுக்கும் ஒன்பது ஒன்பது. பிப்ரவரியில் 38 ரூபாய், ஏப்ரலில் 63, ஜூனில் 123, அக்டோபரிலும் டிசம்பரிலும் 42 வீதம் குறைகிறது. இவற்றில் வியப்பொன்றும் இல்லை.

ஆகஸ்ட் பில்லில்தான் விஷயம் இருக்கிறது. 505 யூனிட்டுக்குக் கட்டணம் 2,082 ரூபாய். அதில் 11 யூனிட் குறைந்து 494 ஆனால் கட்டணம் 1,767 ரூபாய். பதினோரு யூனிட்டுக்கு 315 ரூபாய் மிச்சம்! 500-ஐத் தாண்டிய உடனே, கடைசி ஐந்து யூனிட்டுக்கு 8.40 வீதம் போடுவது மட்டுமல்ல, இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த 235 ரூபாய்ச் சலுகையும் மொத்தமாகப் போய்விடுகிறது. அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியதற்கான விலைதான் அது. ஆறு பில்களையும் கூட்டினால் ஆண்டுக்கு 623 ரூபாய் மிச்சம். 4,500 ரூபாய் ஏழேகால் ஆண்டில் திரும்பிவிடும். ஆனால் அதில் பாதி அந்த ஒற்றை பில்லிலிருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. அதே ஆகஸ்டில் 525 யூனிட் ஓடியிருந்தால், 11 யூனிட் குறைந்தும் 514-லேயே நின்றிருக்கும். மிச்சம் 92 ரூபாயாகச் சுருங்கி, ஆண்டுக்கு 400 ரூபாய், பதினொரு ஆண்டு என்று கணக்கே மாறியிருக்கும். உங்கள் பில்களில் 490-க்கும் 515-க்கும் இடையில் எத்தனை வருகின்றன என்று பார்ப்பது, எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிடப் பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அந்த 4,500 ரூபாயை வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டாலே ஆண்டுக்கு 315 ரூபாய் வரும். 201 முதல் 400 வரையிலான படியில் நிற்கும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் தருவது 282 ரூபாய்தான். அதாவது, கட்டணம் உயராத வரை, அந்த வீட்டில் போட்ட பணம் பதினாறு ஆண்டில் அல்ல, என்றைக்குமே முழுதாகத் திரும்பாது. கட்டணம் உயரத்தான் செய்யும் என்பார்கள்; உண்மைதான். ஆனால் 2022 செப்டம்பரில் 4.50 ரூபாயாக இருந்த அந்தப் படி 2024 ஜூலையில் 4.70 ஆனது. வட்டியை ஈடுகட்டும் வேகம் அதில் இல்லை.

இதுவரை சொன்னது விலை குறைந்த பெட்டிக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஸ்டெபிலைசர் அதை மாற்றிவிடுகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் சாதாரண கம்ப்ரசருக்கு ஸ்டெபிலைசர் இல்லாமல் தீராது. குறைந்த மின்னழுத்தத்தில் அது கிளம்ப முடியாமல் உறுமி, சூடாகி, நின்றுவிடும். சரசரவென்று உறுமல், பிறகு 'டிக்' என்ற ஒலி, சில நிமிட மௌனம், மறுபடி உறுமல் என்று மாறி மாறிக் கேட்டால் அதுதான் அடையாளம். இன்வெர்ட்டர் பெட்டிகள் மிக அகன்ற மின்னழுத்த வரம்பில் தாமாகவே ஓடும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த வரம்பை விவரத் தாளில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்டெபிலைசருக்கு 1,800 ரூபாய் வைத்தால் விலை வித்தியாசம் 4,500-லிருந்து 2,700-க்கு இறங்குகிறது. அதோடு, ஸ்டெபிலைசர் தன் பங்குக்கு இரவும் பகலும் நான்கு வாட் இழுத்தால் ஆண்டுக்கு 35 யூனிட் ஆகிறது. வித்தியாசம் 60 யூனிட்டிலிருந்து 95 யூனிட்டாக வளர்கிறது. 4.70 ரூபாய்ப் படியில் நிற்கும் சாதாரண வீட்டுக்கே இப்போது ஆண்டுக்கு 446 ரூபாய் மிச்சம், ஆறே ஆண்டில் பணம் திரும்புகிறது. பதினாறு ஆண்டு ஆறாகச் சுருங்க, ஒரு சின்ன ஸ்டெபிலைசர் போதுமாயிருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் வீட்டு யூபிஎஸ்ஸில் பிரிட்ஜை ஓட்ட விரும்புவோருக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் நல்லது. அது மெதுவாகக் கிளம்புவதால் தொடக்கத்தில் ஒரேயடியாக மின்சாரத்தை இழுப்பதில்லை. வீட்டு யூபிஎஸ்ஸுக்கும் இந்தக் கம்ப்ரசருக்கும் நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றே பெயர் வழங்குவதால், பேட்டரி உள்ளே இருக்கிறதா என்று கேட்பவர்களும் உண்டு; பிரிட்ஜில் பேட்டரி கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் செலவு எலெக்ட்ரானிக் போர்டு. இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் வீட்டு இன்வெர்ட்டர் பிரிட்ஜில் நான்காம் ஆண்டு ஒரு மழைநாளில் இடி விழுந்த பிறகு கம்ப்ரசர் கிளம்பவில்லை. உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. பத்து ஆண்டு வாரண்டி என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது கம்ப்ரசருக்கு மட்டும்தான் என்றும், போர்டுக்கு ஓராண்டுதான் என்றும் சர்வீஸ் ஆள் சொன்னார். புதுப் போர்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 3,800 ரூபாய் ஆயிற்று, உதிரிபாகம் வர ஒன்பது நாள் ஆயிற்று. தங்கை வீட்டுக் கணக்கில் அது ஆறு ஆண்டு மிச்சம். சாதாரணப் பெட்டியில் பெரும்பாலும் கெடுவது ரிலேயும் தெர்மோஸ்டாட்டும்தான். சில நூறு ரூபாயில் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்கே மாற்றிக் கொடுத்துவிடுவார். ஆகவே விலை கேட்கும்போதே, போர்டுக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து அது நம் செலவு என்றால், பத்தாண்டில் ஒரு போர்டு என்று கணக்கில் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வீட்டுக்காரர் ஒரே விலையில் வாங்கும் இடங்களில் இலவச நூறும் இல்லை, படியும் இல்லை; முதல் யூனிட்டிலிருந்தே மிச்சத்துக்கு முழு விலை உண்டு. ஒன்பது ரூபாய் என்றால் ஆண்டுக்கு 540 ரூபாய், எட்டு ஆண்டுக்குச் சற்று மேல். குறைவாகச் செலவழிக்கும் குடும்பமாக இருந்தும், அவர்களுக்கு ஐந்து ஸ்டார் ஓரளவு பொருந்துகிறது.

என் தீர்ப்பு இதுதான். ஆறு பில்களும் 400-க்குள் அடங்கி, மின்னழுத்தமும் சீராக இருக்கும் வீட்டில் விலை குறைந்த பெட்டியை வாங்குவதே சரி. அங்கே ஐந்து ஸ்டாரைப் பண மிச்சத்துக்காக வாங்கச் சொல்வது தவறான அறிவுரை. ஸ்டெபிலைசர் கட்டாயம் தேவைப்படும் வீட்டிலும், பெரும்பாலான பில்கள் 500-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டிலும் ஐந்து ஸ்டாரை எடுக்கலாம். மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் என்ற நடுவழியையும் பார்த்தோம். லேபிளில் 150 யூனிட், விலை 15,500. மிச்சம் பாதியாகவும், கூடுதல் விலை பாதிக்கும் கீழாகவும் குறைந்தாலும் முடிவு மாறவில்லை.

தங்கை வீட்டில் மின்னழுத்தம் மாலையில் இறங்குவது வழக்கம். பழைய பெட்டியும் ஸ்டெபிலைசரோடுதான் ஓடியது, அதுவும் பழுதாகிவிட்டிருந்தது. அதனால் ஐந்து ஸ்டாரையே எடுத்தோம். கடைக்காரரிடம் பேசி, போர்டுக்குக் கூடுதல் வாரண்டியையும் 900 ரூபாய்க்குச் சேர்த்துக்கொண்டோம். வந்த இரண்டாம் வாரம் அதே மீட்டரை மாட்டி அளந்ததில் ஏழு நாளில் 2.8 யூனிட் காட்டியது, நாளொன்றுக்கு 0.4, ஆண்டுக்கு 146. கோடையை இன்னும் பார்க்கவில்லை. ஆகஸ்ட் பில்லில் 500-க்குக் கீழே ஆறு யூனிட்தான் இடைவெளி என்பதால், ஜூலை நடுவில் ஒருமுறை மீட்டர் எண்ணைப் பார்த்துச் சொல்லும்படி அவளிடம் கேட்டிருக்கிறேன்.